நாலு படங்களிலிருந்து ஒரு புதுப்பித்த வீடு

கேள்வி: எங்கள் பழைய மாடி வீட்டைப் புதுப்பிக்கப் போகிறோம். வேலை முடிந்ததும் எப்படி இருக்கும் என்று பார்க்க, போனில் எடுத்த நாலு படங்களை ஒட்டிப் பார்த்தேன். சுவர் கோணலாகிறது, ஒரு ஜன்னல் இரண்டாகத் தெரிகிறது. நல்ல மென்பொருள் வாங்கினால் சரியாகுமா? இல்லை, காசு கொடுத்து யாரிடமாவது செய்யச் சொல்லலாமா?

பதில்: மென்பொருளுக்குக் காசு போடாதீர்கள். இலவசமாகக் கிடைக்கும் GIMP இந்த வேலைக்குப் போதும். சிக்கல் படம் எடுத்த விதத்தில் இருக்கிறது. பனோரமா முறையில் ஒட்டும் மென்பொருள், நீங்கள் ஒரே இடத்தில் நின்று போனை மட்டும் திருப்பி எடுத்ததாக நினைத்துக்கொள்ளும். நீங்கள் வீட்டு முன்னால் நடந்து நடந்து எடுத்திருப்பீர்கள். நாம் நகர்ந்தால், முன்னே நிற்கும் தூணுக்கும் பின்னே இருக்கும் ஜன்னலுக்கும் உள்ள இடைவெளி படத்துக்குப் படம் மாறும். அதனால்தான் ஜன்னல் இரண்டாகிறது.

எனவே நாலு படத்தையும் சமமாகக் கலக்க வேண்டாம். ஒன்றை அடிப்படைப் படமாக வைத்துக்கொள்ளுங்கள். அதை முடிந்த அளவு பின்னால் போய், வீட்டுக்கு நேர் எதிரே நின்று, போனின் சாதாரண லென்ஸில் எடுங்கள். அகலக் கோண லென்ஸ் ஓரங்களை இழுத்துவிடும். மற்ற படங்கள் ஒட்டுத் துணி மாதிரி: மரம் மறைத்த ஜன்னல், வண்டி மறைத்த சுவரடி ஆகியவற்றை மட்டும் அவற்றிலிருந்து எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் மேகமூட்டமான ஒரு நாளில், ஒரே அரைமணிக்குள் எடுத்தால் நிழல் சண்டை வராது.

அப்புறம், அடிப்படைப் படத்தை நேராக்குங்கள். GIMP-இல் Perspective கருவியை எடுத்து, Direction என்ற இடத்தில் Corrective (Backward) என்று வைத்து, வலையின் நாலு முனைகளையும் சுவரின் நாலு மூலைகளில் பொருத்தினால் சுவர் செவ்வகமாகிவிடும். இத்தோடு முடிந்தது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன், வீடு குட்டையாகத் தெரிந்தும் காரணம் புரியவில்லை. கோணல் நிமிர்ந்தாலும் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் தானாகத் திரும்பி வராது.

அதற்கு ஒரு டேப் வேண்டும். சுவரோடு ஒட்டி இருக்கும் வாசல் சட்டத்தை அளந்துகொள்ளுங்கள். அகலம் 90 செ.மீ., உயரம் 210 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். படத்தில் அதே அகலம் 180 பிக்சல் என்றால், ஒரு செ.மீ.க்கு 2 பிக்சல். உயரம் 420 பிக்சல் வர வேண்டும். 390தான் வருகிறது என்றால், படத்தின் உயரத்தை மட்டும் சுமார் 7.7 சதவீதம் கூட்ட வேண்டும். இப்போது படமே அளவுகோலாகிவிட்டது. புதிதாக 120 செ.மீ. அகல ஜன்னல் போட நினைத்தால், 240 பிக்சலில் வரைந்து, இரு பக்கமும் சுவர் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்த்துவிடலாம்.

ஒட்டுத் துண்டுகளையும் இதே முறையில் நேராக்கி, இதே அளவுக்குக் கொண்டுவந்து ஒட்டுங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: சுவரின் தளத்தில் இருப்பவை மட்டுமே இப்படி நேராகும். முன்னே நீட்டிய பால்கனியும் சன்ஷேடும் சாய்ந்து நிற்கும். அவற்றை அடிப்படைப் படத்தில் உள்ளபடியே விட்டுவிடுவது நல்லது.

நிறம் மாற்ற, சுவர் பகுதியைக் கருப்பு வெள்ளையாக்கி, வெளிச்சமான இடம் ஏறக்குறைய வெள்ளையாகும் வரை பிரகாசத்தை ஏற்றுங்கள். அதன் மேல் ஒரு லேயரில் புது நிறத்தைப் பூசி, Mode-ஐ Multiply ஆக்குங்கள். பழைய நிழல் அப்படியே நின்று, நிறம் மட்டும் மாறும். பிரகாசத்தை ஏற்றாமல் பூசினால் நிறம் அழுக்காக இருக்கும், ஏனென்றால் Multiply இருட்டாக்க மட்டுமே செய்யும். ஈரக் கறைகளை முதலிலேயே பக்கத்துச் சுவரால் மூடுங்கள். ஆனால் சன்ஷேடுக்குக் கீழே விழும் நிழலைத் தொடாதீர்கள், அது போனால் சுவர் அட்டை மாதிரி ஆகிவிடும். கொஞ்சம் தொய்ந்த மாடி விளிம்பையும் நேராக்காதீர்கள். இடித்துக் கட்டாத வரை அது அப்படியேதான் இருக்கப் போகிறது.

காசு கொடுத்துச் செய்வதானால், எந்த வாசல் அளவை வைத்துப் படத்தைச் சரிசெய்தார் என்று கேளுங்கள். வெறும் JPG மட்டும் வாங்காமல், லேயர்களோடு இருக்கும் PSD அல்லது XCF கோப்பும் தர வேண்டும் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். அது கையில் இருந்தால் நிறம் மாற்ற மறுபடி பணம் கொடுக்க வேண்டியிருக்காது. படம் வந்ததும், நேராக்கிய பழைய படத்தையும் புதியதையும் ஒரே அளவில் வைத்து மாற்றி மாற்றிப் பாருங்கள். நீங்கள் இடிக்கச் சொல்லாத ஜன்னலோ தூணோ இடம் நகர்ந்திருந்தால் அது உங்கள் வீட்டின் படம் இல்லை. திருத்தித் தந்த பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள்.