நீலம் கடைசியில் வரட்டும்

*கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் மயிலைக் காளை ஒன்றைக் கைப்பேசியில் படம் எடுத்தேன். அதைப் பழைய சயனோடைப் நீலப்படம் போல மாற்றி, 12-க்கு 18 அங்குலத்தில் அச்சிட்டு வீட்டில் மாட்ட ஆசை. GIMP-இல் Colorize போட்டால் நீலக் கண்ணாடி வழியாகப் பார்ப்பது போல இருக்கிறது. காகிதத்தின் படத்தை மேலே வைத்தால் அழுக்குப் படிந்தது போலத் தெரிகிறது. எங்கே தவறுகிறேன்?*
*– தாராபுரம் வாசகர்*

வரிசையில் தவறுகிறீர்கள். முதலில் நீலமாக்கிவிட்டுப் பிறகு காகிதத்தைச் சேர்க்கிறீர்கள். உண்மையான சயனோடைப்பில் நீலம் காகிதத்துக்குள் ஊறிக் கிடக்கும். ஆகவே காகிதம் முதலில் வர வேண்டும், நீலம் கடைசியில் வர வேண்டும்.

இந்த முறையை ஜான் ஹெர்ஷல் 1842-இல் கண்டறிந்தார். ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு என்ற இரண்டு உப்புகளின் கரைசலைக் கலந்து தாளில் தூரிகையால் பூசி, இருட்டில் உலர்த்தி, மேலே நெகட்டிவை வைத்து வெயிலில் காட்டுவார்கள். வெயில் பட்ட இடத்தில் பிரஷ்யன் நீலம் என்ற நிறமி உருவாகிறது. படாத இடத்தில் இருக்கும் உப்பு தண்ணீரில் கழுவப்பட்டுப் போய்விடும். அந்தப் படத்தில் கறுப்பும் கிடையாது, வெள்ளைப் பூச்சும் கிடையாது. நிழல் என்பது அடர்ந்த நீலம், வெளிச்சம் என்பது வெறும் தாள், இடையில் உள்ளதெல்லாம் ஒரே நிறமியின் கூடுதல் குறைவு. Colorize இதைச் செய்வதில்லை. அது கறுப்பைக் கறுப்பாகவும் வெள்ளையைத் திரை வெள்ளையாகவும் விட்டுவிட்டு நடுவில் மட்டும் சாயம் ஏற்றுகிறது. உங்கள் கண் அதைத்தான் நீலக் கண்ணாடி என்று கண்டுபிடித்திருக்கிறது.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பழைய பட்டறைகளில் இருந்த ப்ளூ பிரிண்ட் வரைபடங்களை நினைத்துக்கொண்டு படத்தைத் தலைகீழாக்கிவிடாதீர்கள். அங்கே ஒளி ஊடுருவும் தாளில் வரைந்த கோடே வெயிலை மறைத்தது. அதனால்தான் நீலத்தின் நடுவே கோடு வெள்ளையாக வந்தது. புகைப்படம் நெகட்டிவ் வழியாக அச்சாவதால் நிழல் நிழலாகவே நிற்கும்.

இனி உங்கள் காளைக்கு வருவோம். முதல் வேலை சாம்பல் நிறப் படம். Colors → Desaturate → Mono Mixer திறந்து, சிவப்புக்கு 0, பச்சைக்கு 0.6, நீலத்துக்கு 0.4 கொடுங்கள். பழைய கண்ணாடித் தகடுகளுக்குச் சிவப்பு தெரியாது, நீலம்தான் தெரியும் என்பதால் நீலத்தை மட்டும் எடுக்கச் சொல்பவர்கள் உண்டு. நம் மண்ணுக்கு அது பாதிதான் பொருந்துகிறது. நீலத்தை மட்டும் எடுத்தால் செம்மண் தரை கருகிப் போய், மயிலைக் காளை அதன் மேல் பளீரென்று எழுந்து நிற்கும், வானம் வெறும் தாளாகிவிடும். இவை அழகுதான். ஆனால் கயிற்றைப் பிடித்து நிற்பவரின் முகம் கண்ணும் மூக்கும் தெரியாத கரும்புள்ளியாகிவிடும். பச்சையைச் சேர்ப்பது அந்த முகத்துக்காக. படத்தில் ஆளே இல்லை என்றால் நீலத்தை 0.8 வரை ஏற்றி, பச்சையை 0.2-ஆகக் குறைக்கலாம்.

அடுத்து, Colors → Curves-இல் Value வளைகோட்டில் 25 என்ற உள்ளீட்டை 0-க்கு இறக்குங்கள். சயனோடைப்பில் ஆழ்ந்த நிழல் விவரங்கள் மூடிக்கொள்ளும், அதற்காக இது. மேல்முனையை வானம் 255-ஐத் தொடும்வரை நகர்த்தலாம். ஆனால் காளையின் முதுகு 235-க்கு அருகிலேயே நிற்க வேண்டும். முதுகும் 255 ஆகிவிட்டால், அங்கே நிறமியே இல்லாமல் காளை தாளில் கரைந்துவிடும்.

அழுக்குப் பிரச்சினை தீரும் இடம் காகிதம்தான், அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன். இணையத்தில் கிடைக்கும் 'பழைய காகிதம்' படங்களில் கறையும் மடிப்பும் மங்கிய விளிம்பும் சேர்ந்தே இருக்கும். அவை எதுவும் உங்களுக்கு வேண்டாம். 300 ஜிஎஸ்எம் நீர்வண்ணத் தாள் ஒன்றை வாங்கி, காலையில் ஜன்னலோரம் தரையில் விரித்து, வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து விழும்படி வைத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து நேராகப் படம் எடுங்கள். சாய்ந்த வெளிச்சத்தில்தான் தாளின் மேடுபள்ளம் தெரியும். மின்னொளிப் பளிச்சைப் போட்டால் எல்லாம் தட்டையாகிவிடும்.

தாளில் 12-க்கு 18 அங்குலம் அளந்து, அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எடுங்கள். நான் முதலில் ஏ4 தாளைப் படமெடுத்து அந்த அளவுக்கு இழுத்து நீட்டினேன். தாளின் பொருக்கு ஒன்றரை மடங்கு பெருத்து, சுவர்ப் பூச்சு போலத் தெரிந்தது. பொருக்கு அசல் அளவில் இருந்தால்தான் கண் அதைத் தாள் என்று நம்பும்.

இந்தத் தாள் படத்தைச் சாம்பலாக்கி, Filters → Enhance → High Pass-இல் Std. Dev. 30 அளவில் ஓட்டுங்கள். ஜன்னல் பக்கம் வெளுப்பாகவும் மறுபக்கம் இருட்டாகவும் இருந்த ஏற்றத்தாழ்வு போய், நடுச்சாம்பலில் நுண்ணிய பொருக்கு மட்டும் மிஞ்சும். இதைக் காளைப் படத்தின் மேல் ஒரு லேயராக வைத்து, Mode-ஐ Soft light ஆக்கி, Opacity-யை 60-இல் தொடங்குங்கள். Soft light முழுக் கறுப்பையும் முழு வெள்ளையையும் தொடாது, நடுவில் உள்ளவற்றை மட்டும் அசைக்கும். நமக்கு வேண்டியதும் அதுவே: நிறமி இல்லாத வானத்தில் நீலப் பொடி தெரியக் கூடாது, காளையின் விலாவிலும் தரையிலும் இழைக்கு இழை நிறமி கூடிக் குறைய வேண்டும். நீங்கள் நீலத்தின் மேல் காகிதத்தைப் போட்டபோது அது நிறமியின் அளவை மாற்றாமல் நிறத்தையே மாற்றியது. அடர்நீலத்தில் சாம்பலும் பழுப்பும் கலந்ததைத்தான் அழுக்காகப் பார்த்தீர்கள்.

ஓரம் பற்றி ஒரு வார்த்தை. போலிச் சயனோடைப்புகளில் படத்தின் விளிம்பு நேரே வெள்ளையாகக் கிழிந்து நிற்கும். உண்மையில் நெகட்டிவுக்கு வெளியே பூசப்பட்ட கரைசல் முழு வெயிலையும் வாங்குகிறது. எனவே படத்தைச் சுற்றி மிக அடர்ந்த நீலப் பட்டையும், அதற்கு வெளியே தூரிகை இழுத்த தடமும், அதற்கும் அப்பால் வெறும் தாளும் இருக்கும். இதைச் செய்ய 4500-க்கு 3000 பிக்சலில் கறுப்புத் தளம் ஒன்றை எடுத்து, காளைப் படத்தை இழுத்து நீட்டாமல், ஓரத்தை வெட்டி 3600-க்கு 2250 ஆக்கி நடுவில் வையுங்கள். தாள் லேயர் தளம் முழுவதையும் மூடட்டும். வெள்ளை அட்டையில் கறுப்பு போஸ்டர் வண்ணத்தை அகலத் தூரிகையால் பட்டை பட்டையாக இழுத்துப் படமெடுத்து, சாம்பலாக்கி, அதை எல்லாவற்றுக்கும் மேலே Screen முறையில் போடுங்கள். அட்டையின் வெள்ளை 255 ஆக வேண்டும். கறுப்பை மட்டும் 10 அளவில் விட்டுவிடுங்கள், இழுப்பின் கோடுகள் அடர்ந்த பட்டையிலும் இலேசாகத் தெரியும்.

இப்போதுதான் நீலம். Layer → New from Visible எடுத்து, அந்த லேயரில் Curves திறந்து, ஒவ்வொரு நிறத்துக்கும் ஐந்து புள்ளிகளை வையுங்கள்:

```
Red:   0→14  64→34   128→88   192→172  255→247
Green: 0→38  64→68   128→126  192→190  255→242
Blue:  0→82  64→114  128→164  192→202  255→230
```

இந்த எண்களுக்குக் காரணம் உண்டு. பிரஷ்யன் நீலம் சிவப்பொளியை மிக அதிகமாக விழுங்குகிறது, பச்சையை ஓரளவு, நீலத்தைக் குறைவாக. அதனால் சிவப்பு வளைகோடு நடுவில் தொய்கிறது, நீலம் மேலே புடைக்கிறது. கடைசிப் புள்ளியில் நீலம் 230-இல் நிற்பது தாளின் இலேசான பால்மஞ்சளுக்காக. நிறம் கடைசியில் ஏறுவதால், அதற்கு முன் நீங்கள் செய்த எல்லாமே நிறமியின் அளவாக மாறிவிடுகிறது. படத்தில் எங்கேயும் இந்த வரிசைக்கு வெளியே ஒரு நிறம் வர வழியில்லை.

சரியாக வந்ததா என்று நிறம் எடுக்கும் கருவியால் தொட்டுப் பாருங்கள். மிக இருண்ட இடம் 14, 38, 82-க்கு அருகில் இருக்க வேண்டும். 0, 0, 0 என்று எங்காவது வந்தால் ஏதோ ஒரு லேயர் நீலத்துக்கு மேலே தங்கியிருக்கிறது. வானம் இளநீலமாகத் தெரிந்தால் சாம்பல் படத்தில் அது 255-ஐத் தொடவில்லை என்று பொருள். படம் முழுவதும் தட்டையாக, துவைத்த துணி போல இருந்தால் நீலத்தில் கை வைக்காதீர்கள், சாம்பல் நிலைக்குத் திரும்பி அங்கே நிழலை இறக்குங்கள்.

வெறும் தாள் பகுதி வழவழப்பாகத் தெரிந்தால் மட்டும், அதே பொருக்கு லேயரின் நகல் ஒன்றை நீலத்துக்கு மேலே Grain merge முறையில் 15 விழுக்காட்டில் வைக்கலாம். அது நிறமியைத் தொடுவதற்காக அன்று, தாளின் மேடுபள்ளத்தில் விழும் நிழலுக்காக. 20-ஐத் தாண்டினால் பழைய அழுக்கு திரும்பிவிடும்.

அச்சுக்குக் கொடுக்கும்முன் எந்தத் தாள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வழவழப்பான தாள் என்றால் இப்படியே கொடுக்கலாம், ஆனால் பளபளப்பு வேண்டாம், மேட் போதும். சொரசொரப்பான பருத்தித் தாள் கிடைத்தால் இன்னும் நல்லது. அப்போது மேலே வைத்த நகலை நீக்கிவிட்டு, மூன்று வளைகோடுகளின் கடைசிப் புள்ளியையும் 255 ஆக்குங்கள். தாளின் நிறமும் பொருக்கும் தாளிலேயே இருக்கின்றன, அவற்றை மையால் மறுபடி அச்சிட்டால் இரட்டிப்பாகும்.

முதலில் காளையின் திமிலும் ஓரப் பட்டையும் சேர்ந்து வரும் துண்டு ஒன்றை 4-க்கு 6 அங்குலத்தில், பெரிதாக்காமல் அச்சிட்டு வாங்கி, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். இந்த அடர்நீலம் அச்சில் ஊதாவாகச் சாயும் வழக்கம் உடையது. சயான் மையோடு மெஜந்தா மை கூடுதலாக விழுவதே காரணம். திமிலின் நிழல் கத்தரிப்பூ நிறமாகத் தெரிந்தால், பச்சை வளைகோட்டில் 64-இன் புள்ளியை 68-இலிருந்து 74-க்கும், 128-இன் புள்ளியை 126-இலிருந்து 132-க்கும் ஏற்றி இன்னொரு துண்டு எடுங்கள். திரையில் இலேசாகப் பச்சை கலந்தது போலத் தோன்றினாலும் பொருட்படுத்த வேண்டாம். அந்தத் துண்டில் திமில் நீலமாக வந்துவிட்டால் பெரிய படத்துக்கும் அதே எண்களைக் கொடுங்கள்.