கொழிஞ்சாம்பாறை சிப்ஸ் கடைக்குப் போட்டி யார்?

"ப்ராஜெக்டுக்கு கொழிஞ்சாம்பாறையில் மாமாவின் நேந்திரம் சிப்ஸ் கடையை எடுத்தேன். போட்டியாளர் என்று நான்கு சிப்ஸ் கடைகளை எழுதினேன். 'வாங்குகிறவருக்கு ஆகவேண்டிய வேலை என்ன?' என்று கேட்டு சார் திருப்பிக் கொடுத்துவிட்டார்."

ஒரு சாயங்காலம் கடை வாசலில் நில்லுங்கள். சிப்ஸ் ஏன் பிடிக்கும் என்று கேட்காதீர்கள், 'மொறுமொறுப்பு' என்றுதான் பதில் வரும். யாருக்கு வாங்கினீர்கள், கடை பூட்டியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேளுங்கள்.

பொள்ளாச்சி பஸ் பிடிக்கப்போகிறவர் அரைக் கிலோ வாங்குகிறார் என்று வையுங்கள். தங்கை வீட்டுக்கு வெறுங்கையோடு போக முடியாது. சிப்ஸ் அவருக்குச் செய்கிற வேலை அதுதான். கடை பூட்டியிருந்தால் இன்னொரு சிப்ஸ் கடையைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார், பஸ் வந்துவிடும். பக்கத்தில் ஆப்பிளோ அல்வாவோ வாங்கிக்கொள்வார். ஆக, போட்டி பழக்கடையும் பேக்கரியும். ஹார்வர்டில் மேனேஜ்மென்ட் பேராசிரியராக இருந்த கிளேட்டன் கிறிஸ்டென்சன் சொன்ன கதையில் காலைநேர மில்க்‌ஷேக்குக்கு வாழைப்பழம் போட்டியானதும் இப்படித்தான்.

இப்படிப் பார்த்தால் குறையும் வேறாகத் தெரியும். அல்வா டப்பாவில் வருகிறது, சிப்ஸோ எண்ணெய் கசியும் கவரில். உப்பைக் கூட்டிக் குறைத்து இதைச் சரிசெய்ய முடியாது.

அதே சிப்ஸை 10 ரூபாய்க்கு வாங்கி டீயோடு கொறிப்பவர் கதை தனி. அங்கே போட்டி வடை. அதற்குத் தனிப் பட்டியல் போடுங்கள்.

அப்புறம், வேலையை 'பசி தீர' என்று அகலமாக எழுதினால் ஊர் ஹோட்டலெல்லாம் போட்டியாகிவிடும். ஒருவராவது நிஜமாகவே சிப்ஸுக்குப் பதிலாக வாங்கிய பொருளை மட்டும் எழுதுங்கள். எதுவும் வாங்காமல் பஸ் ஏறியவருக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்.