இன்சென்டிவ் பற்றிச் சேருவதற்கு முன் என்ன கேட்பது?

"சேலத்தில் ஒரு பிஸ்கட் கம்பெனியில் களவிற்பனை வேலை. சம்பளம் 16,000, இன்சென்டிவ் 8,000 வரை என்கிறார் எச்.ஆர். சேருவதற்கு முன் அவரிடம் எதைக் கேட்பது?"

இன்சென்டிவ் எத்தனை சதவீதத்தில் தொடங்குகிறது என்று முதலில் கேளுங்கள். பல கம்பெனிகளில் டார்கெட்டில் 80 சதவீதத்தைத் தொடாவிட்டால் ஒரு ரூபாய்கூடக் கிடையாது. டார்கெட் 4 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 3,16,000 விற்றால் 79 சதவீதம்தான். நாலாயிரம் ரூபாய்க் குறைவில் அந்த மாத இன்சென்டிவ் முழுவதும் போய்விடும்.

அடுத்தது, எந்த விற்பனை கணக்கில் ஏறும்? கம்பெனி விநியோகஸ்தருக்கு அனுப்பும் சரக்கா, நீங்கள் கடைகளில் எடுக்கும் ஆர்டரா? முன்னது என்றால் கவனம் தேவை. செவ்வாய்ப்பேட்டை குடோனில் பழைய சரக்கு தேங்கியிருந்தால் விநியோகஸ்தர் புதிதாக வாங்க மாட்டார். அந்த மாதம் நீங்கள் ஏற்காட்டு வளைவுகளில் பைக்கில் ஏறி இறங்கி எடுத்த ஆர்டர்கள் உங்கள் பெயரில் வராது. அதே ரூட்டில் முன்பு இருந்தவரின் ஆறு மாத டார்கெட்டையும் விற்பனையையும் கேட்டுப் பாருங்கள். மழுப்பினால் எனக்குச் சந்தேகம்தான்.

ஏப்ரல் விற்பனைக்கான பணம் எந்த மாதச் சம்பளத்தில் வரும்? ஜூனில் என்றால், மே மாதம் விலகுபவருக்குக் கிடைக்குமா? பணம் போடும் நாளில் வேலையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை பல இடங்களில் உண்டு. இவற்றையெல்லாம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் அதிலேயே வாங்குங்கள். ஆஃபர் லெட்டரில் 'கம்பெனி விதிகளின்படி' என்று மட்டும் இருந்தால், அந்த விதித்தாளையும் கேட்டு வாங்கிய பிறகு கையெழுத்திடுங்கள்.