செவ்வகங்களைக் கூட்டினால் எப்படிச் சரியாக 1/3 வரும்?

ஐயா,

y = x² வளைவரைக்குக் கீழே 0 முதல் 1 வரை உள்ள பரப்பைக் கூட்டலின் எல்லையாகக் காணும் கணக்கில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். முதல் தடவை போட்டபோது விடை முடிவிலி என்று வந்தது. பிறகு புத்தகத்தைப் பார்த்து 1/3 வரவழைத்துவிட்டேன். ஆனால் இரண்டு சந்தேகம் போகவில்லை. n முடிவிலிக்குப் போனால் ஒவ்வொரு செவ்வகத்தின் பரப்பும் பூஜ்ஜியம் ஆகிவிடுமே, பூஜ்ஜியங்களைக் கூட்டினால் 1/3 எப்படி வரும்? வளைவரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் செவ்வகங்களின் கூடுதல் எப்போதும் 1/3-ஐவிடக் கூடத்தானே இருக்கும், பிறகு எப்படி ‘சரியாக’ 1/3 என்கிறார்கள்?

எம்., பிளஸ் டூ

அன்புள்ள எம்.,

முதலில் அந்த முடிவிலி. 0 முதல் 1 வரை உள்ள கோட்டை n சம துண்டுகளாக வெட்டினால் ஒவ்வொரு துண்டின் அகலம் 1/n. k-ஆவது துண்டின் வலது ஓரம் k/n. அங்கே வளைவரையின் உயரம் k²/n². ஆகவே k-ஆவது செவ்வகத்தின் பரப்பு அகலம் பெருக்கல் உயரம், அதாவது k²/n³. நீங்கள் பெரும்பாலும் k²/n² என்று எழுதிக் கூட்டியிருப்பீர்கள். அது பரப்புகளின் கூடுதல் அல்ல, உயரங்களின் கூடுதல். பத்துச் செவ்வகங்களுக்கு அது 3.85, நூறுக்கு 33.835, ஆயிரத்துக்கு 333.8335. இப்படி ஏறிக்கொண்டே போவதால்தான் எல்லை முடிவிலி என்று வந்தது.

இந்தத் தவறைக் கண்டுபிடிக்க n = 1 போட்டுப் பார்ப்பார்கள் சிலர். அது உதவாது. n = 1 என்றால் அகலம் 1, ஆகவே அகலத்தை விட்டாலும் சேர்த்தாலும் விடை ஒன்றுதான். n = 2 போட்டுப் பாருங்கள். அகலத்தை விட்ட கூடுதல் 1/4 + 1 = 1.25. நம் செவ்வகங்கள் எல்லாமே பக்கம் 1 உள்ள சதுரத்துக்குள் அடங்கியவை. 1-ஐத் தாண்டிய பரப்புக்கு அங்கே இடமே இல்லை. சரியான கூடுதல் 1.25-இல் பாதி, 0.625.

இப்போது முறையாக. பரப்புகளின் கூடுதலில் 1/n³ எல்லா உறுப்புக்கும் பொது. அதை வெளியே எடுக்கலாம், ஏனென்றால் கூட்டும்போது நகர்வது k மட்டும். அங்கே n நிலையாக நிற்கும் ஒரு எண். உள்ளே மிஞ்சுவது 1² + 2² + … + n². இதன் மதிப்பு n(n+1)(2n+1)/6.

```
R(n) = (1/n³) · n(n+1)(2n+1)/6
     = (1/6) · (1 + 1/n) · (2 + 1/n)
     = 1/3 + 1/(2n) + 1/(6n²)
```

மூன்றாவது வரியைப் பல புத்தகங்கள் எழுதுவதில்லை. இரண்டாவது வரியிலேயே எல்லை எடுத்து 2/6 = 1/3 என்று முடித்துவிடுவார்கள். தேர்வுக்கு அது போதும், ஆனால் உங்கள் இரண்டாவது சந்தேகத்துக்கான பதில் மூன்றாவது வரியில்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

பூஜ்ஜியங்களின் கூடுதல் பற்றி. n = 100 என்று வையுங்கள். முதல் செவ்வகத்தின் பரப்பு பத்து லட்சத்தில் ஒரு பங்கு. கடைசிச் செவ்வகத்தின் பரப்பு நூறில் ஒரு பங்கு. எதுவும் பூஜ்ஜியம் அல்ல, நூறும் சேர்ந்து 0.33835. n = 1000 ஆனால் மிகப் பெரிய செவ்வகமே ஆயிரத்தில் ஒரு பங்குதான், ஆனால் இப்போது செவ்வகங்கள் ஆயிரம். மேலே சொன்ன உயரங்களின் கூடுதலை மறுபடி பாருங்கள்: அது சுமார் n/3 என்ற வேகத்தில் வளர்கிறது, அகலம் 1/n என்ற வேகத்தில் குறைகிறது. இரண்டையும் பெருக்கினால் n அடிபட்டுப் போகிறது. n எவ்வளவு பெரிதானாலும் அது ஓர் எண்தான். அகலம் பூஜ்ஜியமாகும் கட்டம் என்று ஒன்று வருவதே இல்லை.

அப்படியானால் உங்கள் வாதத்தில் எங்கே ஓட்டை? ஒவ்வொரு உறுப்புக்கும் தனித்தனியாக எல்லை எடுத்து, பிறகு கூட்டுகிறீர்கள். எல்லைகளைத் தனித்தனியாக எடுத்துக் கூட்டலாம் என்ற விதி, உறுப்புகளின் எண்ணிக்கை மாறாமல் இருக்கும்போதுதான் செல்லும். மூன்று உறுப்பு என்றால் மூன்று, ஐம்பது என்றால் ஐம்பது. இங்கே எண்ணிக்கையே n. உறுப்பு சிறுக்கும்போதே எண்ணிக்கை பெருகுகிறது. இதையே இன்னும் எளிய உதாரணத்தில் பார்க்கலாம்: 1/n என்ற எண்ணை n தடவை கூட்டுங்கள். ஒவ்வொரு உறுப்பும் பூஜ்ஜியத்தை நோக்கிப் போகிறது, கூடுதல் எப்போதும் 1.

ஆனால் (1/6)(1 + 1/n)(2 + 1/n) என்ற வடிவத்தில் தாராளமாகத் தனித்தனியாக எல்லை எடுக்கலாம். அங்கே இருப்பது மூன்றே காரணிகள். எந்த n-க்கும் மூன்றுதான். வர்க்கங்களின் கூடுதலுக்கான சூத்திரம் நமக்குச் செய்துதருவது இதைத்தான்: வளர்ந்துகொண்டே போகும் ஒரு கூட்டலை மூன்று காரணிகளின் பெருக்கலாகச் சுருக்கிக் கொடுக்கிறது. ஆகவே முதலில் கூட்டி முடிக்க வேண்டும், அதன் பிறகே எல்லை. வரிசை மாறினால் பூஜ்ஜியம் வரும்.

இனி ‘சரியாக’ என்ற சொல். நீங்கள் சொல்வது உண்மை, R(n) ஒருபோதும் 1/3 ஆகாது. மீதி 1/(2n) + 1/(6n²) எப்போதும் நேர்மம். ஆனால் பரப்பு என்பது R(n) அல்லவே. R(n) பரப்புக்கு மேலே இருந்து வைத்த ஒரு வேலி. கீழே இருந்தும் ஒன்று வைக்கலாம்: ஒவ்வொரு துண்டிலும் இடது ஓரத்து உயரத்தை எடுத்தால் செவ்வகங்கள் வளைவரைக்கு உள்ளேயே அடங்கும். அப்போது உயரங்கள் 0-இல் தொடங்கி (n−1)²/n² வரை போகின்றன, ஆகவே சூத்திரத்தில் n இருக்கும் இடமெல்லாம் n−1 போட வேண்டும்: (n−1)n(2n−1)/6. வெளியே உள்ள 1/n³ மட்டும் மாறாது, அகலம் அதேதான். இங்கே பலர் n−1 போட மறந்துவிடுவார்கள். எல்லை எப்படியும் 1/3 என்றே வருவதால் தவறு வெளியே தெரியாது.

```
L(n) = 1/3 − 1/(2n) + 1/(6n²)
R(n) − L(n) = 1/n
```

அந்த 1/n-ஐப் படத்திலேயே பார்க்கலாம். நான்கு துண்டுகளுக்கு வரையுங்கள். ஒவ்வொரு துண்டிலும் வெளிச் செவ்வகத்துக்கும் உள் செவ்வகத்துக்கும் இடையில் ஒரு சிறு கட்டம் மிஞ்சும். அவற்றின் உயரங்கள் 1/16, 3/16, 5/16, 7/16. நான்கையும் வலப்பக்கம் தள்ளி கடைசித் துண்டின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், இடைவெளியே இல்லாமல் உயரம் 1, அகலம் 1/4 உள்ள ஒரு தூண் கிடைக்கும். நியூட்டன் 1687-இல் வெளியிட்ட பிரின்சிபியாவின் தொடக்கத்தில், இறங்கும் வளைவரைக்கு இதே அடுக்கலைத்தான் செய்கிறார். வளைவரை ஒரே பக்கமாக ஏறினாலோ இறங்கினாலோ போதும், எந்தச் சூத்திரமும் இல்லாமலே வேலிகளின் இடைவெளி தெரிந்துவிடும்.

இப்போது யாராவது ‘பரப்பு 0.334’ என்று சொன்னால் எப்படி மறுப்பீர்கள்? R(1000) = 0.3338335. அந்த ஆயிரம் செவ்வகங்கள் முழுப் பரப்பையும் மூடுகின்றன, இருந்தும் 0.334-ஐவிடக் குறைவு. ஆகவே பரப்பு 0.334 ஆக இருக்க முடியாது. 0.333 என்றால்? L(1000) = 0.3328335, இது போதவில்லை. L(2000) ஏறக்குறைய 0.33308, உள்ளே அடங்கிய செவ்வகங்களே 0.333-ஐத் தாண்டிவிட்டன, அதுவும் கழிந்தது. 1/3 தவிர எந்த எண்ணைச் சொன்னாலும் போதுமான அளவு பெரிய n ஒன்று அதை வெளியே தள்ளிவிடும். எந்த n-ஆலும் தள்ள முடியாத எண் 1/3 ஒன்றுதான். ‘சரியாக’ என்பதன் பொருள் அவ்வளவே.

ஆர்க்கிமிடீஸ் எல்லை என்ற சொல் இல்லாமலே இதைச் செய்தார். சுருள்களைப் பற்றிய நூலில் அவர் நிறுவும் சமனிலி இது: n−1 வரையான வர்க்கங்களின் கூடுதல் n³/3-ஐவிடக் குறைவு, n வரையான கூடுதல் அதைவிட அதிகம். இரண்டு பக்கமும் n³-ஆல் வகுத்துப் பாருங்கள், நம் L(n), R(n) இரண்டும் அப்படியே வந்து நிற்கும். சுருளின் முதல் சுற்று அடைக்கும் பரப்பு, அதைச் சூழ்ந்த வட்டத்தில் மூன்றில் ஒன்று என்று காட்ட இதைப் பயன்படுத்தினார். சூத்திரத்தைப் பொறுத்தவரை, கி.பி. 499-இல் ஆரியபட்டர் அதைச் செய்யுளாகவே தந்திருக்கிறார்: உறுப்புகளின் எண்ணிக்கை, அதோடு ஒன்று, அந்த இரண்டின் கூட்டு, மூன்றையும் பெருக்கி ஆறால் வகு.

அந்தச் சூத்திரத்தை மனப்பாடம் செய்யாமல் வரவழைக்கத் தெரிந்திருப்பது நல்லது. (k+1)³ − k³ = 3k² + 3k + 1. இதை k = 1 முதல் n வரை கூட்டுங்கள். இடப்பக்கம் நடுவில் உள்ளவை எல்லாம் அடிபட்டு (n+1)³ − 1 மட்டும் மிஞ்சும். வலப்பக்கம் மூன்று மடங்கு வர்க்கக் கூடுதல், அதோடு 3n(n+1)/2, அதோடு n. மாற்றி எழுதினால் சூத்திரம் வந்துவிடும். 1/3-இல் உள்ள மூன்று எங்கிருந்து வந்தது என்பதும் இங்கே தெரிகிறது: 3k²-இன் மூன்றுதான் அது.

கடைசியாக ஒன்று. இதே முறையை √x-க்குச் சம துண்டுகளோடு போட்டுப் பார்த்தால் 1 முதல் n வரையான வர்க்கமூலங்களைக் கூட்ட வேண்டியிருக்கும். அதற்கு இப்படிப்பட்ட எளிய சூத்திரம் கிடையாது. ஆனால் துண்டுகள் சமமாக இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. வெட்டும் புள்ளிகளை k²/n² என்று வையுங்கள். வலது ஓரத்து உயரம் k/n, அகலம் (2k−1)/n², பரப்பு (2k² − k)/n³. மறுபடி அதே வர்க்கக் கூடுதல், கூடவே 1 முதல் n வரை சாதாரணக் கூடுதல். எல்லை 2/3. மிக அகலமான துண்டு (2n−1)/n², அதுவும் பூஜ்ஜியத்தை நோக்கிப் போகிறது என்பதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் சமமில்லாத வெட்டு செல்லாது. x² வளைவரையை y = x கோட்டில் புரட்டிப் போட்டால் √x வரும் என்பதால், விடை 1 − 1/3 ஆக இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம்.