density() வளைகோட்டின் வழவழப்பைத் தீர்மானிக்கும் bw எவ்வளவு இருக்க வேண்டும்?

கேள்வி: ஆர் மென்பொருளோடு வரும் faithful என்ற வெந்நீர் ஊற்றுத் தரவில் பயிற்சி செய்கிறேன். ஹிஸ்டோகிராமில் கட்டங்களின் தொடக்கத்தைச் சற்று நகர்த்தினாலே படம் மாறிவிடுகிறது. density() கொடுத்தால் வழவழப்பான கோடு வருகிறது; ஆனால் bw என்ற எண்ணை மாற்றினால் அதுவும் மாறுகிறது. பிறகு எதை நம்புவது?

பதில்: ஹிஸ்டோகிராமில் நீங்கள் எடுக்கும் முடிவுகள் இரண்டு: கட்டத்தின் அகலம், அது தொடங்கும் இடம். 1.99 நிமிடமும் 2.01 நிமிடமும் பக்கத்துப் பக்கத்து அளவுகள்தான். ஆனால் கட்டத்தின் எல்லை 2-இல் விழுந்தால் அவை வேறு வேறு கட்டங்களுக்குப் போய்விடும். தரவுக்கும் இந்தப் பிரிவினைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

density() வரையும் கர்னல் வளைவு தொடக்கப்புள்ளித் தொல்லையை ஒழித்துவிடுகிறது. ஒவ்வோர் அளவின் மேலும் மணி வடிவில் ஒரு சிறு மேட்டை வைக்கிறோம். உங்கள் தரவில் 272 அளவுகள் இருப்பதால் ஒவ்வொரு மேட்டின் பரப்பும் 1/272. எல்லா மேடுகளின் உயரத்தையும் புள்ளிக்குப் புள்ளி கூட்டினால் கிடைப்பதே அந்தக் கோடு. அதன் கீழுள்ள மொத்தப் பரப்பு 1. மேடு மணி வடிவமா முக்கோணமா என்பதால் படம் அதிகம் மாறாது. மேடு எவ்வளவு அகலம் என்பதுதான் எல்லாம். அந்த அகலம்தான் bw, அதாவது பேண்ட்விட்த்.

உங்கள் தரவு அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் உள்ள ஓல்ட் ஃபெய்த்ஃபுல் வெந்நீர் ஊற்று ஒவ்வொரு முறையும் எத்தனை நிமிடம் பீறிட்டது என்ற பதிவு. மூன்று அகலங்களை ஒரே படத்தில் போட்டுப் பாருங்கள்:

```r
x <- faithful$eruptions
plot(density(x, bw = 0.02), col = "grey", xlim = c(-2, 9))
lines(density(x, bw = "SJ"), lwd = 2)
lines(density(x, bw = 1), lty = 2)
rug(x)
```

bw = 1 என்ற விட்டுவிட்டு வரும் கோட்டில் ஒரே மேடுதான், இடப்பக்கம் நீண்ட சரிவோடு. ஊற்று பெரும்பாலும் 4 நிமிடம் பீறிடும், சில சமயம் குறைவாக என்றுதான் அதைப் பார்ப்பவர் நினைப்பார். அது பொய். குட்டைப் பீறல்கள் 2 நிமிடத்தை ஒட்டியும் நெடியவை நாலரையை ஒட்டியும் தனித்தனியாகக் குவிந்திருக்கின்றன. நடுவே 3 நிமிடப் பக்கம் அநேகமாக ஆளே இல்லை. அகல மேடுகள் சரிந்து வந்து அந்தப் பள்ளத்தை நிரப்பிவிட்டன.

bw = 0.02 இதற்கு நேர் எதிர். சீப்புப் பற்களைப் போல முனைகள் எழும். ஒவ்வொன்றுக்கும் காரணம் தேடாதீர்கள். இந்த நேரங்கள் முதலில் நொடிகளில் குறிக்கப்பட்டவை. அவற்றில் 5-இன் மடங்குகள் இயல்புக்கு மீறி அடிக்கடி வருகின்றன. 5 நொடி என்பது சுமார் 0.083 நிமிடம். அதைவிட மிகக் குறுகிய மேடு வைத்தால் ஊற்றைப் பற்றிய செய்தியோடு, கடிகாரம் பார்த்தவரின் கைப்பழக்கமும் படத்தில் ஏறிவிடும். எந்தத் தரவிலும் பேண்ட்விட்த் குறைப்பதற்கு முன், அளவு எவ்வளவு நுணுக்கமாகப் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். அதற்குக் கீழே போய்ப் பயனில்லை.

எதுவும் சொல்லாமல் விட்டால் ஆர் எடுத்துக்கொள்வது 0.3348. தரவு ஏறக்குறைய ஒரே மணி வடிவம் என்ற அனுமானத்தில் பிறந்த சூத்திரம் அது: 0.9-ஐத் திட்டவிலக்கத்தால் பெருக்கி (இங்கே 1.14), அளவுகளின் எண்ணிக்கையின் ஐந்தாம் மூலத்தால் வகுப்பது. இரு குவியல் உள்ள இடத்தில் திட்டவிலக்கம் முக்கியமாக அளப்பது குவியல்களுக்கு இடையிலான தூரத்தை. அதனால் விடை பெரிதாகிவிடுகிறது. இரண்டு மேடும் தெரியும்தான், ஆனால் கொழுத்து, பள்ளம் மேடேறி. 1991-இல் ஷீதரும் ஜோன்ஸும் தந்த முறை ("SJ") தரவின் வளைவையே முதலில் மதிப்பிடுவதால் 0.14 தருகிறது. பழைய சூத்திரம் பழக்கத்துக்காகத்தான் இயல்நிலையாக நீடிக்கிறது என்று ஆர் ஆவணமே சொல்கிறது. நான் SJ-இல் தொடங்கி, அதன் பாதியிலும் இரு மடங்கிலும் ஒரு முறை வரைவேன். மூன்றிலும் நிற்கும் மேட்டைத்தான் அறிக்கையில் எழுதுவேன்.

ஓரங்களிலும் கண் வையுங்கள். மிகக் குறைந்த பீறல் 1.6 நிமிடம். ஆர் அதற்கு அப்பாலும் மூன்று பேண்ட்விட்த் தூரம் கோட்டை நீட்டும்; bw = 1 என்றால் கோடு −1.4-இல் தொடங்கும். எதிர்ம நிமிடம் பீறிட்ட ஊற்று எங்கே உண்டு? from = 0 என்று கொடுத்தால் அந்தப் பகுதி படத்திலிருந்து மறையும், ஆனால் அங்கே கசிந்த பரப்பு உள்ளே திரும்பி வராது. காத்திருப்பு நேரம், வருமானம் போலப் பூஜ்யத்தை ஒட்டிக் குவியும் தரவில் இது பெரிய பிழை. அங்கே மடக்கை எடுத்து வரையலாம்; பூஜ்ய மதிப்புகளே நிறைய இருந்தால் மடக்கையும் உதவாது, ஹிஸ்டோகிராமுக்கே திரும்புங்கள்.

பின்னால் பைத்தானுக்கு மாறினால் ஒன்று: scipy-யின் gaussian_kde-இல் bw_method=0.14 என்று கொடுத்தால் அது நிமிடம் அல்ல, திட்டவிலக்கத்தோடு பெருக்கும் காரணி. உங்களுக்குக் கிடைப்பது 0.16.