தொடை உரசலுக்கு எந்த ஷார்ட்ஸ்?

கேள்வி: அரை மாரத்தானுக்குப் பயிற்சி எடுக்கிறேன். 12 கி.மீ. தாண்டினால் உள்தொடை எரிந்து தோல் உரிகிறது. காட்டன் ஜட்டியின் மேல் ஷார்ட்ஸ் போடுகிறேன், பவுடரும் போடுகிறேன். ஞாயிறுகளில் 50 கி.மீ. சைக்கிளில் போனாலும் இதே கதைதான். கடையில் 2,000 ரூபாய்க்கு கம்ப்ரஷன் ஷார்ட்ஸ் காட்டுகிறார்கள். வாங்கலாமா?

பதில்: முதலில் காட்டன் ஜட்டியை மாற்றுங்கள். காட்டன் வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், எளிதில் காயாது. ஈரத்தில் ஊறிய தோல் மென்மையாகி, உரசலைத் தாங்காது. வியர்வை காயும் இடத்தில் தங்கும் உப்பும் சேர்ந்து அராவும். 12 கி.மீ. வரை தெரியாமல் இருப்பது, ஜட்டி முழுதாக நனைய அவ்வளவு நேரம் ஆவதால் இருக்கலாம். பவுடர் நடக்கும்போது சரி. ஓட்டத்தில் வியர்வையோடு கட்டிகட்டியாகி உரசலைக் கூட்டிவிடும்.

ஷார்ட்ஸுக்கு 2,000 ரூபாய் தேவையில்லை. லேபிளில் பாலியஸ்டர் அல்லது நைலானோடு 15 முதல் 20 சதவீதம் எலாஸ்டேன் (ஸ்பான்டெக்ஸ் என்றும் போட்டிருக்கும்) இருந்தால் போதும். உள்பக்கம் திருப்பி விரலால் தடவுங்கள். தையல் புடைத்திருந்தால் வேண்டாம். நான்கு தையலும் கவட்டையில் ஒரே புள்ளியில் சேர்வதும் ஆகாது. அங்கே தனித் துண்டு வைத்துத் தைத்திருக்க வேண்டும். கால் நீளம், தொடைகள் ஒன்றையொன்று தொடும் இடத்துக்கு இரண்டு அங்குலமாவது கீழே வரட்டும். போட்டுப் பார்க்கும் அறையில் பத்து முறை உட்கார்ந்து எழுங்கள். விளிம்பு மேலே சுருண்டால் ஓடும்போதும் சுருளும். அந்த மாடலை விட்டுவிடுங்கள். இதனுள் ஜட்டி வேண்டாம். துவைக்கும்போது துணியை மென்மையாக்கும் திரவம் சேர்த்தால் வியர்வையை வெளியேற்றும் தன்மை குறையும்.

ஓடும் நாளில், உலர்ந்த தோலில் தொடைக்கு அரை டீஸ்பூன் பெட்ரோலியம் ஜெல்லி தடவி, அதன்பின் ஷார்ட்ஸைப் போடுங்கள். இரண்டு மணி நேரத்தைத் தாண்டும் ஓட்டமென்றால் நடுவில் ஒருமுறை மறுபடி தடவ வேண்டியிருக்கும். புதுத் துணியைப் போட்டி நாளன்று முதன்முறையாகப் போடாதீர்கள்.

சைக்கிளுக்கு இந்த ஷார்ட்ஸ் போதாது, பேட் வைத்தது வேண்டும். அதனுள்ளும் ஜட்டி கூடாது. ஜட்டியின் தையல் பேடுக்கும் தோலுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். பெட்ரோலியம் ஜெல்லி பேடிலிருந்து எளிதில் போகாது, எனவே சைக்கிள் ஓட்டுவோர் உரசலுக்குப் பூசும், நீரில் கரையும் சேமி கிரீம் நல்லது. ஒரு பக்கம் மட்டும் புண்ணானால் துணியைக் குறை சொல்லாமல் சீட்டைப் பாருங்கள். அது உயரமாக இருந்தால் பெடல் எட்ட இடுப்பு இருபுறமும் ஆடும்.

சாதாரண உரசல் புண் இரண்டு மூன்று நாளில் அடங்கும். ஓரம் சிவந்து வட்டமாகப் பரவி அரித்தால் படர்தாமரையாக இருக்கலாம். மருந்துக்கடையில் கேட்டு ஸ்டீராய்டு கலந்த கிரீமைப் பூசாதீர்கள். முதலில் அடங்குவதுபோல் இருந்து பிறகு அதிகமாகப் பரவும். தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.