கேள்வி பதில்: போருக்குப் பிறகு பிரிட்டன் ஏன் கிளம்பியது?

சேலம் வட்டார வாசகர்களின் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் பதில் சொல்கிறார்.

உலகப்போரில் பிரிட்டன் திவால். அதனால்தான் போனார்கள், நம்ம போராட்டத்துக்குப் பெரிய பங்கில்லை. சரிதானே சார்? (செவ்வாய்ப்பேட்டை)

பாதி சரி. போர் முடிந்தபோது இந்தியாவுக்கே நூறு கோடி பவுண்டுக்கு மேல் பாக்கி வைத்திருந்தார்கள். ஆனால் கையில் காசில்லாதவர்கள் எல்லாரும் கிளம்பிவிடவில்லையே! ஜெர்மனியிடம் மிதிபட்டு எழுந்த நெதர்லாந்து, இந்தோனேசியாவைத் திரும்பப் பிடிக்கப் படை அனுப்பி 1949 வரை சண்டை போட்டது. உள்ளூர்க்காரர்கள் கீழ்ப்படிய மறுத்தால்தான் ஆள்பவரின் பலவீனம் வெளியே தெரியும்.

1942 ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்தில் அத்தனை பேர் ஜெயிலுக்குப் போனார்களே, அது வீணா? (அம்மாப்பேட்டை)

வீணில்லை, ஆனால் அப்போது அடக்கிவிட்டார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட பட்டாலியன்களை இறக்கினார்கள். போர்க்காலம், படை கையிலேயே இருந்தது. மறுபடி அப்படி ஒன்று வெடித்தால் யாரை அனுப்புவது என்பதுதான் 1946இல் அவர்களுக்கு வந்த கவலை. அந்த ஜனவரியில் கராச்சியில் பிரிட்டிஷ் விமானப்படை வீரர்களே ‘ஊருக்கு அனுப்பு’ என்று வேலையை நிறுத்தினார்கள். பிப்ரவரி 18 அன்று பம்பாயில் ‘தல்வார்’ கடற்படைத் தளத்து இந்திய மாலுமிகள், மோசமான சாப்பாட்டைக் காட்டி வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். சில நாளில் 78 கப்பல்கள், சுமார் 20,000 பேர்.

எங்க தாத்தா மலாயா ரப்பர் தோட்டத்திலிருந்து நேதாஜியின் ஐ.என்.ஏ.வில் சேர்ந்தவர். அவர் பேரில் பென்ஷன் கேட்கலாமா ஐயா? (ஆத்தூர்)

அதை கலெக்டர் அலுவலகத்தில் விசாரியுங்கள் தம்பி. ஆனால் தாத்தாவின் படை செய்ததைச் சொல்கிறேன். இம்பாலில் அது தோற்றது உண்மை. செங்கோட்டையில் அதன் மூன்று அதிகாரிகளை விசாரித்து ஆயுள்தண்டனை விதித்தபோது நாடே கொதித்தது. இந்தியப் படை முகம் சுளிக்கும் என்று அஞ்சிய தளபதி ஆக்கின்லெக், அந்தத் தண்டனையைத் தள்ளுபடி செய்தார்.

அவர் வேலை பார்த்த மலாயாவையும் பாருங்கள். ரப்பரும் ஈயமும் பிரிட்டனுக்கு டாலர் சம்பாதித்துக் கொடுத்தன. 1948இல் ஆயுதமெடுத்த கம்யூனிஸ்டுகள் பெரும்பாலும் சீனர்கள், மலாய் மக்களில் பெரும்பாலோர் அவர்களோடு சேரவில்லை. அதே பிரிட்டன் அங்கே 1957 வரை இருந்தது.

அப்படியென்றால் மாலுமிகள்தான் சுதந்திரம் வாங்கித் தந்தார்கள் என்று எழுதலாமா? (ஏற்காடு)

எழுதாதீர்கள். ஆட்சியைக் கைமாற்றுவது பற்றிப் பேச அமைச்சரவைத் தூதுக்குழுவை இங்கே அனுப்பும் முடிவு, கலகத்துக்கு முன்பே லண்டனில் எடுக்கப்பட்டது. படேலே மாலுமிகளைச் சரணடையச் சொன்னார். 1945-46 தேர்தலில் காங்கிரஸ் பெற்ற வெற்றிதான் பெரிது என்பார்கள் சிலர். என் கணிப்பில், தூதுக்குழு வர அந்த வெற்றி காரணம். 1947 பிப்ரவரியில் பிரிட்டிஷ் பிரதமர் அட்லி கெடு வைத்துக் கிளம்ப, படையை நம்ப முடியாமல் போனதே காரணம். இதை மறுக்கும் வரலாற்றாசிரியர்களும் உண்டு.